சிலிண்டரை அடுத்த குடித்தனத்துக்கு விட்டுப் போகாதீர்கள்

வாடகை வீட்டைக் காலி செய்யும் கடைசி வாரத்தில் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி எழும்: கேஸை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர், வீட்டு உரிமையாளர், சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரர் எல்லோரிடமும் அதற்குப் பதில் தயாராக இருக்கும். "ஏஜென்சிக்கெல்லாம் யாருங்க அலையறது? கட்டின டெபாசிட் யானை வாயில போன கரும்பு. அப்படியே வந்தாலும் பழைய ரேட்டுலதான் வரும். புது ஊர்ல டபுளா கட்டணும். பேசாம அடுத்து குடி வர்றவங்களுக்கு ஒரு ரெண்டாயிரத்துக்குக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

அனுபவஸ்தர்களின் யோசனை போலத்தான் தொனிக்கிறது. படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். ஆனால் இதில் உள்ள மூன்று வாதங்களும் தவறு. டெபாசிட் வராது என்பது தவறு, பழைய தொகையை வாங்குவது நஷ்டம் என்பது தவறு, சிலிண்டரைக் கைமாற்றி விடுவது லாபம் என்பது பெருந்தவறு.

மின்சாரத்தை விட்டுவிட்டு கேஸைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு வாடகை வீடுகளில் மின் இணைப்பு பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. அதன் காப்புத்தொகையும் அவருடையது. குடித்தனக்காரர் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் காசில் முன்பணம் கட்டி வைத்திருப்பது கேஸ் கனெக்‌ஷனுக்குத்தான். வீடு மாறும்போது அவர் உரிமையோடு திரும்பக் கேட்க வேண்டிய டெபாசிட்டும் அதுதான். அதையே கேட்காமல் விட்டுப் போகிறோம்.

முதலில், வராது என்ற பேச்சு. இந்த நம்பிக்கைக்குக் காரணம், டெபாசிட் ஏஜென்சிக்காரரின் கல்லாவில் கிடக்கிறது என்ற எண்ணம். அவர் எதற்குத் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போகிறார் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பணம் ஏஜென்சியுடையது அல்ல. இண்டேன் என்றால் இந்தியன் ஆயில், பாரத் கேஸ் என்றால் பாரத் பெட்ரோலியம், எச்.பி. கேஸ் என்றால் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்று அந்தந்த எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் அது இருக்கிறது. ஏஜென்சி நிறுவனத்தின் சார்பில் அதை வாங்குகிறது, நிறுவனத்தின் சார்பில் திருப்பித் தருகிறது. சிலிண்டரும் ரெகுலேட்டரும்கூட நிறுவனத்தின் சொத்துதான். நாம் அவற்றை விலைக்கு வாங்கவில்லை. இரவல் பொருளுக்கு ஈடாகப் பணம் கட்டியிருக்கிறோம். பொருளைக் கொடுத்தால் ஈடு திரும்பும், அவ்வளவுதான்.

அதற்கான சாட்சி நம் பீரோவில் இருக்கிறது. கனெக்‌ஷன் எடுத்த அன்று கொடுத்த எஸ்.வி., அதாவது சந்தா வவுச்சர். எத்தனை சிலிண்டர், எத்தனை ரெகுலேட்டர், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு டெபாசிட் என்று அதில் அச்சாகியிருக்கும். பலர் அதை முதல் நாள் பில் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ரீஃபில் பதிவாகும் நீலப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் பணத்துக்கு ஆதாரம் எஸ்.வி.தான்.

இரண்டாவது சிலிண்டர் பின்னால் எடுத்தது என்றால் அதற்குத் தனி எஸ்.வி. இருக்கும். சரண்டர் செய்யும்போது ஒன்றை மட்டும் நீட்டிவிட்டு, ஒரு சிலிண்டருக்குத்தான் பணம் வந்தது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எஸ்.வி. தொலைந்துவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. ஏஜென்சியின் கணினியில் நம் நுகர்வோர் எண்ணைத் தட்டினால் கணக்கு தெரியும். தொலைந்துவிட்டது என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நடைமுறை இதுதான். வேறு ஊருக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து, எஸ்.வி., நீலப் புத்தகம், அடையாள அட்டை, சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் கணினியில் கனெக்‌ஷனை முடித்து டி.வி. என்கிற முடிப்பு வவுச்சரை அடித்துக் கொடுப்பார்கள். அதில் திருப்பித் தரும் தொகை இருக்கும். புது ஊரில் கனெக்‌ஷன் எடுக்கவும் அந்தத் தாள்தான் சான்று. இங்கே ஒரு நிறுவனம், அங்கே இன்னொரு நிறுவனம் என்றாலும் அது செல்லும். அடுப்பும் டியூபும் நம்முடையவை, கூடவே எடுத்துப் போகலாம். சிலிண்டரில் மீதி இருக்கும் கேஸுக்குக் காசு எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே காலி செய்யும் மாதத்தில் புது ரீஃபில் புக் செய்யாமல், இருப்பதை எரித்துத் தீர்ப்பது நல்லது.

இழுத்தடிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. "ஆள் இல்லை, திங்கட்கிழமை வாங்க", "சரண்டர் சாயந்திரம் எடுக்கறதில்லை", "சிலிண்டரைக் கொண்டுபோய் புது ஊர்லயே கொடுத்துக்கங்க" என்ற பதில்களைக் கேட்காதவர் குறைவு. கடைசிப் பதில்தான் ஆபத்தானது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டிய இடம் பழைய ஏஜென்சி. லாரியில் ஏற்றிப் போய்விட்டால் அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர டெபாசிட்டைவிடச் செலவாகும். இந்தப் பதில் வந்தால் அங்கேயே நின்று, "வாங்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்துடுங்க சார்" என்று அமைதியாகக் கேட்டால் போதும். எழுதிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது, சரண்டர் நடந்துவிடும். அப்படியும் நடக்கவில்லை என்றால் மூன்று நிறுவனங்களுக்கும் பொதுவான கட்டணமில்லா எண் 1800-2333-555 இருக்கிறது. அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி ஏஜென்சிக்குப் போங்கள். புகார் எண்ணோடு வருகிறவரிடம் கவுன்டரின் குரல் வேறாக இருக்கும்.

இழுத்தடிப்பு வேறு, மறுப்பு வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நம்ப வைப்பதுதான் யானை வாய்க் கரும்பு என்ற பேச்சு.

இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. அதனால்தான் கணக்குத் தெரிந்தவர்களும் அதில் விழுகிறார்கள். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரின் டெபாசிட் 2022 ஜூன் 16 முதல் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆனது. ரெகுலேட்டர் 150-லிருந்து 250 ஆனது. சரண்டர் செய்தால் நாம் அன்று கட்டியது எதுவோ அதுதான் கிடைக்கும். புது ஊரில் இன்றைய தொகையைக் கட்ட வேண்டும். ஆக நஷ்டம்தானே என்கிறார்கள்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு மாறும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2016-இல் ஒரு சிலிண்டரும் ரெகுலேட்டரும், 2019-இல் இன்னொரு சிலிண்டரும் எடுத்தார்கள். முதலாவதற்கு 1,600, இரண்டாவதற்கு 1,450, ஆக 3,050 ரூபாய் திரும்ப வரும். சென்னையில் அதே ஏற்பாட்டுக்கு 4,650 கட்ட வேண்டும். கையிலிருந்து போடுவது 1,600 ரூபாய். பேசுகிறவர்கள் இதைத்தான் நஷ்டம் என்கிறார்கள்.

இந்த 1,600 செலவாகிவிட்டதா? இல்லை. அதுவும் டெபாசிட்டாகவே போகிறது. சென்னையிலிருந்து அவர்கள் மறுபடி கிளம்பும்போது எஸ்.வி.யில் 4,650 இருக்கும், 4,650 திரும்ப வரும். அவர்கள் உண்மையில் இழப்பது அந்த 1,600-க்கு வங்கியில் கிடைத்திருக்கும் வட்டியை மட்டுமே. ஆறு சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 96 ரூபாய், மாதம் எட்டு ரூபாய். இந்த எட்டு ரூபாய்க்குப் பயந்துதான் 3,050 ரூபாயைக் கேட்காமல் விடச் சொல்கிறார்கள்.

அதைவிட வேடிக்கை, ஊருக்குள்ளேயே வீடு மாறுகிறவர்களும் இதே வாதத்தைச் சொல்வதுதான். ஒரே ஊரில் ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குப் போனால் சரண்டரே தேவையில்லை. பழைய ஏஜென்சியில் சி.டி.ஏ. என்கிற மாற்றுக் கடிதம் வாங்கினால் போதும், இப்போது அதை இணையத்திலேயே எடுக்கலாம். சிலிண்டரும் ரெகுலேட்டரும் நம்மோடே வரும். பழைய டெபாசிட்டும் அப்படியே தொடரும், கூடுதல் தொகை கட்ட வேண்டியதில்லை. அதே ஏஜென்சியின் எல்லைக்குள்ளேயே புது வீடு என்றால் முகவரியை மாற்றினாலே முடிந்தது. இது தெரியாமல் பழைய சிலிண்டரை யாருக்கோ விட்டுவிட்டு, புது இடத்தில் 2,200 கட்டி இன்னொன்று எடுக்க நிற்கிறவர்கள் நிறைய. அந்த இடத்தில் நஷ்டத்தை உண்டாக்குவது டெபாசிட் விதி இல்லை, பக்கத்து வீட்டு யோசனை.

எதிர்த்தரப்புக்கு நியாயமான ஒரு குறை இருக்கிறது. அதை அவர்கள் சரியாகச் சொல்வதில்லை, ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். கேஸ் டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. மின்சாரத்தில் அப்படி இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, நுகர்வோரின் காப்புத்தொகைக்கு வங்கி வட்டி விகிதத்துக்குக் குறையாமல் வட்டி தர வேண்டும், கட்டியவர் கேட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஒரே சமையலறையில் மிக்ஸிக்கு வட்டி உண்டு, அடுப்புக்கு இல்லை. ஆறு சதவீதக் கூட்டு வட்டியில் 1,450 ரூபாய் பத்தாண்டில் ஏறத்தாழ 2,600 ஆகியிருக்கும். நாடு முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளின் பணத்தை நிறுவனங்கள் வட்டியில்லாமல் வைத்திருக்கின்றன. இது சரியில்லை என்று யார் சொன்னாலும் நான் அவர் பக்கம். ஆனால் இதிலிருந்து என்ன முடிவு பிறக்கிறது? வட்டி தராதவரிடம் அசலையும் விட்டுவிடு என்றா? வட்டியில்லாத இடத்தில் தேவைக்கு மேல் ஒரு நாளும் பணத்தை வைக்காதே என்பதல்லவா முடிவாக வேண்டும்?

மூன்றாவது வாதத்துக்கு வருவோம். சிலிண்டரை அடுத்த குடித்தனத்துக்குக் கொடுத்துவிட்டால் ஏஜென்சி தருவதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது என்பது உண்மைதான். கனெக்‌ஷன் உடனே கிடைக்காதவர், முகவரிச் சான்று இல்லாதவர், கல்லூரிப் பையன்கள் எல்லோரும் கேட்ட காசைக் கொடுப்பார்கள். நம் திருச்சிக் குடும்பம் இரண்டு சிலிண்டரையும் ரெகுலேட்டரோடு 5,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டது என்று வைப்போம். டெபாசிட்டைவிட 1,950 லாபம் என்று மகிழ்ச்சியோடு வண்டி ஏறுகிறார்கள்.

சென்னையில் ஏஜென்சிக்குப் போய்ப் புது கனெக்‌ஷன் கேட்கிறார்கள். ஆதார் எண்ணைக் கொடுத்ததும் கணினி நிறுத்துகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன்தான் என்பது விதி. அவர்கள் பெயரில் திருச்சியில் ஒன்று உயிரோடு இருக்கிறது. கவுன்டரில் இருப்பவர் திரையைப் பார்த்தபடியே சொல்கிறார்: "உங்க பேர்ல ஏற்கெனவே ஓடுது சார். அதை சரண்டர் பண்ணிட்டு டி.வி. கொண்டாங்க." மனைவி பெயரில் கேட்டாலும் அதே குடும்பம் என்று சிக்கும்.

இப்போது அவர் என்ன செய்வார்? சரண்டர் செய்ய சிலிண்டர் வேண்டும், அது விற்றாகிவிட்டது. வாங்கியவருக்குப் போன் போட்டால், "அண்ணே, நாங்களும் அந்த வீட்டைக் காலி பண்ணிட்டோம். சிலிண்டரை ஃப்ரெண்டு ரூமுக்குக் கொடுத்தாச்சு" என்பார். சிலிண்டர் இல்லாமல் கனெக்‌ஷனை முடிக்க வேண்டும் என்றால், காணாமல் போன பொருளுக்கான தொகையைக் கட்டச் சொல்வார்கள். டெபாசிட் அதில் கரைந்துபோகும். இல்லையென்றால் சென்னையில் அவரும் யாரிடமோ கைமாற்றுச் சிலிண்டர் வாங்க வேண்டும், விலை அந்த ஊர்த் தட்டுப்பாட்டைப் பொறுத்தது. 1,950 ரூபாய் லாபம் இரண்டில் எந்த வழியில் போனாலும் மிஞ்சாது.

பணத்தைக்கூட விடுங்கள். கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறது என்பது ஏஜென்சியின் கோப்புக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்கிறோம். ஆனால் கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு, பதிவு செய்த நுகர்வோருக்கு உரியது. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை, பதிவு செய்த முகவரியில் ஏற்படும் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை என்று அதற்கு வரம்பு உண்டு. கைமாறிய சிலிண்டர் வேறு முகவரியில், வேறு ஆள் அடுப்பில், என்றோ மாற்றியிருக்க வேண்டிய டியூபில் எரிகிறது. அங்கே ஏதாவது நடந்தால் பாதிக்கப்பட்டவர் காப்பீட்டுக்குத் திண்டாடுவார். விசாரணைக்கு வருகிறவர்கள் கையில் இருக்கும் பெயரோ, இரண்டு வருஷம் முன்னால் அந்த ஊரை விட்டுப் போனவருடையது. இது வெறும் வம்பும் அல்ல, சட்டமீறல். அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு எல்.பி.ஜி. ஒழுங்குமுறை ஆணை, அனுமதியற்ற கைமாற்றத்துக்கும் இருப்புக்கும் எதிராகவே எழுதப்பட்டது.

அக்கம்பக்கத்தில் இப்படிக் கொடுத்தவர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்பார்கள். ஆகாதவர்கள் நிறையப் பேர்தான். ஆனால் அவர்களுக்குப் புது ஊரில் கனெக்‌ஷன் எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். அப்பா பெயரில், மாமனார் பெயரில், முன்பு இருந்த நண்பர் விட்டுச் சென்றதில் என்று பதில் வரும். ஒருவர் செய்த கைமாற்று அடுத்தவரையும் அதையே செய்ய வைக்கிறது. அந்த வரிசையில் யாராலும் டெபாசிட்டைத் திரும்பக் கேட்க முடியாது, ஏனென்றால் எவர் கையில் இருக்கும் சிலிண்டரும் அவர் எஸ்.வி.யில் இருப்பது அல்ல. டெபாசிட் வராத காசு என்ற நம்பிக்கை இப்படித்தான் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது.

டெபாசிட் உண்மையிலேயே வராத இடங்களும் உண்டு. உஜ்வலா திட்டத்தில் கனெக்‌ஷன் பெற்றவர்களுக்கும், 2006-க்குப் பின் தமிழக அரசு அடுப்போடு இலவசமாகக் கொடுத்த கனெக்‌ஷன்களுக்கும் டெபாசிட்டை அரசு ஏற்றது. கட்டாத காசு திரும்ப வராது. அவர்களும் ஊர் மாறும்போது கணக்கை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும், ஆனால் பணத்துக்காக அல்ல. ரெகுலேட்டர் காணாமல் போயிருந்தாலோ நம் கையால் உடைந்திருந்தாலோ அதற்குத் தொகை பிடிப்பார்கள். தானாகப் பழுதான ரெகுலேட்டரை ஏஜென்சி இலவசமாகவே மாற்றித் தரும் என்பதால், கசிகிற அல்லது சரியாகப் பூட்டாத ரெகுலேட்டரைச் சரண்டர் நாள் வரை வைத்திருக்காமல் முன்பே மாற்றிவிட வேண்டும். கனெக்‌ஷன் காலமான அப்பாவின் பெயரில் இருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காலி செய்யும் வாரத்தில் அது முடியாது, நோட்டீஸ் கொடுத்த அன்றே தொடங்க வேண்டிய வேலை.

புது ஊரில் இன்னொரு வசூல் காத்திருக்கும். டி.வி.யை நீட்டினால், "எங்ககிட்ட ஸ்டவ் எடுத்தாத்தான் கனெக்‌ஷன்" என்பார்கள். அப்படி விதியே இல்லை. வீட்டில் நல்ல அடுப்பு இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். டெபாசிட்டைத் திரும்ப வாங்கிய கையோடு வேண்டாத அடுப்புக்கு அதைக் கொட்டிவிட்டு, பின்னால் டெபாசிட் முறையே மோசடி என்று பேசுகிறவர்களும் இந்தப் பேச்சுக்குப் பங்களித்தவர்கள்தான்.

ஒப்படைக்கும் அன்று பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். டி.வி.யில் அச்சான சிலிண்டர்களின் எண்ணிக்கையும் தொகையும் நம் எஸ்.வி.க்களின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்டரிலேயே பார்க்க வேண்டும். எதையாவது பிடித்திருந்தால், எதற்காக என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும். "சிலிண்டரை விட்டுட்டுப் போங்க, டி.வி. நாளைக்கு அடிச்சுத் தர்றேன்" என்று சொன்னால், சிலிண்டரோடு நாமும் நாளைக்கே வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்ப வேண்டும்.